ஒரு மருந்து செயலிழந்தபோது: ஐசோடைப், அல்லோடைப், இடியோடைப் மூன்றையும் பிரித்தறிந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி நாற்பதுகளில் இருந்த ஒரு பெண். கைவிரல், மணிக்கட்டு, முழங்கால் மூட்டுகளைப் பாதித்த முடக்குவாதத்திற்காக, அதாவது ருமட்டாய்டு மூட்டழற்சிக்காக, எங்கள் சிகிச்சைப் பிரிவில் தொடர்ந்து பார்க்கப்பட்டு வந்தார். அவருடைய இரத்தத்தில் ருமட்டாய்டு காரணி மிக உயர்ந்த அளவில் இருந்தது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மட்டும் போதாமல் போனதால், அதோடு அடாலிமுமாப் ஊசியும் சேர்க்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் தோலடியில் செலுத்தப்படும் இந்த மருந்து, மூட்டழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஓர் எதிர்ப்பொருள். அதன் கனச்சங்கிலி ஐஜிஜி1 வகை, இலேசான சங்கிலி காப்பா வகை. எலியின் பகுதி எதுவும் அதில் இல்லை என்பதால் அது "முழுமையாக மனித எதிர்ப்பொருள்" என்று அழைக்கப்படுகிறது. இந்த ஆய்வின் மையக் கேள்வி அந்தச் சொற்றொடரிலிருந்தே எழுகிறது.

முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் தெளிவாக இருந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் டாஸ்28 மதிப்பெண் 5.8-இலிருந்து 2.9-ஆகக் குறைந்தது. 5.1-க்கு மேல் என்றால் கடும் நிலை, 3.2-க்குக் கீழ் என்றால் தீவிரம் குறைந்த நிலை என்று கொள்ளப்படுவதால், இது நல்ல விளைவு. ஓராண்டைத் தாண்டியபின் காலையில் விரல்கள் விறைப்பது மீண்டும் தொடங்கியது. அடுத்த சில வருகைகளுக்குள் மதிப்பெண் 5.3-ஐத் தொட்டது. ஊசியைத் தவறவிடவில்லை என்று நோயாளி உறுதியாகச் சொன்னார். மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றித் தனியாகக் கேட்டபோதுதான், "அதைப் போட்டா ரெண்டு நாள் குமட்டிக்கிட்டே இருக்கு டாக்டர், ஊசியே போதும்னு விட்டுட்டேன்" என்றார். மாத்திரையை அவர் நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

முதல் யோசனைகளும் அவை ஏன் நிறுத்திவைக்கப்பட்டன என்பதும்

அணியில் இரண்டு யோசனைகள் எழுந்தன. ஊசியை வாரம் ஒருமுறையாக்கலாம் என்பது ஒன்று. வேறு நிறுவனம் தயாரிக்கும் அடாலிமுமாபின் ஒத்த மருந்துக்கு, அதாவது பயோசிமிலருக்கு, மாற்றிப் பார்க்கலாம் என்பது மற்றொன்று. மருந்து ஏன் செயலிழந்தது என்று தெரியாமல் இரண்டில் எதையும் செய்வதில் பொருளில்லை என்று முடிவு செய்தோம். மருந்தின் அளவு இரத்தத்தில் போதுமானதாக இருந்தும் நோய் கிளர்ந்தால், இந்த நோயாளியில் நோயை நடத்துவது டிஎன்எஃப் அல்ல என்று பொருள். வேறு வழியில் செயல்படும் மருந்து வேண்டும். அளவு குறைந்து, மருந்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இல்லாமல் இருந்தால், ஊசியின் இடைவெளியைக் குறைப்பது பயன் தரலாம். அளவு குறைந்து, எதிர்ப்பொருளும் இருந்தால், எவ்வளவு ஊற்றினாலும் அது வீணாகும்.

ஆகவே அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு, மருந்தின் அளவு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், இரத்தம் எடுக்கப்பட்டது. மருந்து பரிசோதனையின் கண்டறியும் எல்லைக்கும் கீழே இருந்தது. அடாலிமுமாபுக்கு எதிரான எதிர்ப்பொருள் சோதனை உயர்ந்த அளவில் நேர்மறையாக வந்தது.

மூன்று வகை வேறுபாடும் மூன்று சந்தேகங்களும்

இந்த இடத்தில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி: முழுமையாக மனித எதிர்ப்பொருள் என்றால், மனித உடல் அதை ஏன் அயலாகப் பார்க்க வேண்டும்? இதற்கு விடை சொல்ல, ஓர் எதிர்ப்பொருள் மற்றோர் எதிர்ப்பொருளிலிருந்து எந்தெந்த மட்டத்தில் வேறுபடுகிறது என்பதைப் பிரிக்க வேண்டும்.

முதல் மட்டம் ஐசோடைப். கனச்சங்கிலியின் மாறாப் பகுதியை வைத்து ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ, ஐஜிடி, ஐஜிஇ என்ற வகுப்புகளும், ஐஜிஜி1 முதல் ஐஜிஜி4 வரையும் ஐஜிஏ1, ஐஜிஏ2 என்றும் துணை வகுப்புகளும், இலேசான சங்கிலியில் காப்பா, லாம்டா என்ற வகைகளும் பிரிக்கப்படுகின்றன. இவற்றுக்கான ஜீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஜீன்கள். நலமான மனிதர் ஒவ்வொருவரிடமும் அவை எல்லாமே இருக்கின்றன. அதனால் நோயாளியின் உடலுக்கு ஐஜிஜி1 காப்பா என்பது பிறந்தது முதல் பழகிய ஒன்று. ஐசோடைப் என்ற அளவில் அடாலிமுமாப் அவருக்கு அயல் அல்ல.

இரண்டாம் மட்டம் அல்லோடைப். ஒரே ஐசோடைப்பின் ஒரே ஜீன், மக்களிடையே சில மாற்றுவடிவங்களில், அதாவது அல்லீல்களாக, வழங்குகிறது. ஐஜிஜி1 கனச்சங்கிலியின் முதல் மாறாப் பகுதியில் 214-ஆம் இடத்தில் சிலருக்கு லைசின் இருக்கும், அது ஜி1எம்17. வேறு சிலருக்கு அங்கே ஆர்ஜினின் இருக்கும், அது ஜி1எம்3. மூன்றாம் மாறாப் பகுதியிலும் இதுபோல் ஓர் இடம் உண்டு. அங்கே அமைவது ஜி1எம்1. காப்பா சங்கிலியின் மாறாப் பகுதியில் கேஎம் வகைகள் உள்ளன. அடாலிமுமாபின் கனச்சங்கிலி ஜி1எம்17-ஐயும் ஜி1எம்1-ஐயும் தாங்கியது. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஜி1எம்3 மட்டுமே பெற்ற ஒருவருக்கு அந்த லைசின் அயலாகவே தோன்றக்கூடும். எனவே அல்லோடைப் ஒரு நியாயமான சந்தேகம்.

மூன்றாம் மட்டம் இடியோடைப். கனச்சங்கிலியின் மாறும் பகுதியும் இலேசான சங்கிலியின் மாறும் பகுதியும் சேர்ந்து ஆன்டிஜெனைப் பிடிக்கும் முனையை அமைக்கின்றன. அந்த முனையிலும் அதன் ஓரத்திலும் உள்ள வடிவங்களின் தொகுப்பே இடியோடைப். ஜீன் துண்டுகள் இணையும் விதத்தாலும், இணைப்பில் நேரும் சேர்க்கை நீக்கங்களாலும், பின்னர் நிகழும் உடற்செல் திடீர்மாற்றங்களாலும் ஒவ்வொரு பி செல் குளோனின் இடியோடைப்பும் தனித்தன்மை உடையதாகிறது. ஒரே மனிதரின் இரண்டு குளோன்களே இதில் ஒன்றுக்கொன்று அயல். அப்படியிருக்க, மனித ஜீன்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால் மட்டும் அடாலிமுமாபின் முனை நோயாளிக்குப் பழகியதாகிவிடாது. "முழுமையாக மனித" என்ற அடைமொழி, முனையைப் பொறுத்தவரை அதன் மூலத்தைக் குறிக்கிறதே தவிர, இந்த நோயாளியின் உடல் அதை முன்பே சந்தித்திருக்கிறது என்று உறுதி சொல்வதில்லை.

ஆய்வகத்தின் விடை ஏன் போதவில்லை

இடியோடைப்புக்கு எதிரான எதிர்ப்பொருள்தான் காரணம் என்று உடனே எழுதிவிடலாம் என்றே தோன்றியது. ஆனால் சோதனை எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்டபோது ஒரு தடை தெரிந்தது. அது பாலம் அமைக்கும் வகை எலைசா. தட்டின் அடியில் அடாலிமுமாப் பூசப்பட்டிருக்கும். அதன்மேல் நோயாளியின் சீரம் விடப்படும். பின்னர் நொதி இணைத்த அடாலிமுமாப் சேர்க்கப்படும். சீரத்தில் உள்ள எதிர்ப்பொருள் ஒரு கையால் அடித்தட்டு மருந்தையும் மறு கையால் நொதி மருந்தையும் பிடித்துப் பாலமாக நின்றால் நிறம் தோன்றும்.

இந்த நோயாளியிடம் ருமட்டாய்டு காரணி மிக அதிகம். ருமட்டாய்டு காரணி என்பது பெரும்பாலும் ஐஜிஎம் வகுப்பைச் சேர்ந்த, ஐஜிஜி-யின் வால் பகுதியான எஃப்சி-யைப் பிடிக்கும் தன்னெதிர்ப்பொருள். பத்துக் கைகள் கொண்ட அந்த மூலக்கூறு தட்டில் உள்ள ஐஜிஜி-யையும் நொதி ஐஜிஜி-யையும் எளிதாக இணைத்துவிடும். இடியோடைப்பைத் தொடாமலேயே சோதனை நேர்மறையாகும். சில ருமட்டாய்டு காரணிகள் ஜிஎம் அல்லோடைப்புகளையே குறிவைப்பவை. ரூனே கிரப் 1956-இல் மனித ஐஜிஜி-யில் பரம்பரை வேறுபாடு உண்டு என்று கண்டறிந்ததே இத்தகைய முடக்குவாத நோயாளிகளின் சீரத்தைக் கொண்டுதான்: எதிர்ப்பொருள் பூசிய இரத்தச் சிவப்பணுக்களை அந்தச் சீரம் திரளச் செய்தது, நலமான சிலரின் சீரம் அந்தத் திரளலைத் தடுத்தது, வேறு சிலருடையது தடுக்கவில்லை, அந்த வேறுபாடு குடும்பங்களில் மரபாக வந்தது. ஆகவே எங்கள் நோயாளியின் நேர்மறை விடைக்குள் மூன்று மட்டங்களுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் கலந்திருக்க இடமிருந்தது. எது எவ்வளவு என்பதைச் சோதனை சொல்லவில்லை.

பிரித்தறியும் சோதனை

ஆய்வகத்தோடு பேசி இரண்டு மாற்றங்கள் செய்தோம். முதல் மாற்றம், முழு மருந்துக்குப் பதிலாகப் பெப்சின் நொதியால் வெட்டப்பட்ட இரட்டை ஃபேப் துண்டைப் பயன்படுத்துவது. பெப்சின், மூலக்கூறின் கீல் பகுதிக்குக் கீழே வெட்டுவதால் எஃப்சி நீங்கிவிடுகிறது. இரண்டு கைகளும் இணைந்தபடியே எஞ்சுகின்றன. ருமட்டாய்டு காரணி பிடிக்க வேண்டிய இடமே இப்போது இல்லை. சோதனை அப்போதும் நேர்மறையாகவே இருந்தது.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடும்; மாணவர்களும் இங்கேயே "எஃப்சி போனது, ஆகவே இடியோடைப்" என்று முடித்துவிடுவார்கள். அது தவறான முடிவு. ஃபேப் கையில் மாறும் பகுதி மட்டும் இல்லை. கனச்சங்கிலியின் முதல் மாறாப் பகுதியும் இலேசான சங்கிலியின் மாறாப் பகுதியும் அதிலேயே இருக்கின்றன. ஜி1எம்17 அமைந்த 214-ஆம் இடம் அந்த முதல் மாறாப் பகுதியில்தான் உள்ளது. கேஎம் வகைகள் காப்பாவின் மாறாப் பகுதியில் உள்ளன. எஃப்சி-யை வெட்டியதால் நீங்கியது ஜி1எம்1 மட்டுமே. அல்லோடைப்புக்கு எதிரான எதிர்ப்பொருள் என்ற சந்தேகம் இன்னும் உயிரோடு இருந்தது. மேலும், கீல் பகுதி வெட்டப்படும்போது புதிதாக வெளிப்படும் முனையைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் சிலரிடம் இயல்பாகவே இருப்பதுண்டு; அதுவும் ஒரு பொய்யான நேர்மறையைத் தரலாம்.

இரண்டாம் மாற்றம் அதற்காகவே. நோயாளியின் சீரத்தை மூன்று பங்காகப் பிரித்தோம். ஒன்றில் எதையும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் அடாலிமுமாபின் இரட்டை ஃபேப் துண்டை மிகையாகச் சேர்த்தோம். மூன்றாவதில், டிஎன்எஃப்-ஐப் பிடிக்காத, ஆனால் அதே ஐஜிஜி1 காப்பா ஐசோடைப்பும் அதே அல்லோடைப்புகளும் கொண்ட வேறொரு மோனோகுளோனல் எதிர்ப்பொருளின் இரட்டை ஃபேப் துண்டை அதே அளவு சேர்த்தோம். மூன்றாவது பங்கில் சேர்த்த துண்டு மருந்திலிருந்து வேறுபடுவது இடியோடைப்பில் மட்டுமே. ஜி1எம்17, கேஎம், கீல் முனை ஆகியவற்றில் எதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளாக இருந்தாலும், அது இந்தத் துண்டிலேயே சிக்கிக்கொண்டு தட்டுக்கு வராமல் போயிருக்க வேண்டும்.

அடாலிமுமாப் துண்டு சேர்த்த பங்கில் நிறம் ஏறத்தாழ முழுவதும் மறைந்தது. மற்ற எதிர்ப்பொருளின் துண்டு சேர்த்த பங்கில் நிறம் சற்றும் குறையவில்லை. நோயாளியின் எதிர்ப்பொருள் பிடித்தது அடாலிமுமாபின் மாறும் பகுதியை, அதாவது இடியோடைப்பை.

ஒப்பீட்டுக்காக, பழைய முறையிலும், முழு மூலக்கூறுகளை வைத்து, இதே போட்டிச் சோதனையைச் செய்தோம். அங்கே மற்ற எதிர்ப்பொருள் சேர்த்ததும் நிறம் கணிசமாகக் குறைந்தது. முதல் விடையில் ஒரு பங்கு ருமட்டாய்டு காரணியால் வந்தது என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பங்கில் ஜி1எம்1-க்கு எதிரானது எவ்வளவு என்று பிரிக்க, அந்த அல்லோடைப் இல்லாத இன்னோர் ஐஜிஜி1 தேவைப்படும். சிகிச்சை முடிவை அது மாற்றாது என்பதால் அதைத் தொடரவில்லை. ஆய்வகத்தின் உறைகலனில் சிகிச்சைக்கு முந்தைய சீரம் இருந்தது இங்கே பேருதவியாயிற்று: பழைய முறையில் அது மங்கலான நேர்மறை, இரட்டை ஃபேப் முறையில் எதிர்மறை. ருமட்டாய்டு காரணி மருந்து நன்றாக வேலை செய்த மாதங்களிலும் இருந்திருக்கிறது. இடியோடைப்பு எதிர்ப்பொருள் பின்னரே தோன்றியிருக்கிறது. மருந்து செயலிழந்ததோடு காலம் பொருந்துவது இரண்டாவதுதான்.

சிகிச்சை முடிவு

இடியோடைப்பே குறி என்று தெரிந்ததும் முன்பிருந்த இரண்டு யோசனைகளும் தாமாகவே விலகின. ஊசியை வாரம் ஒருமுறையாக்கினால், எதிர்ப்பொருள் அளவு இவ்வளவு உயர்ந்த நோயாளியில், சேரும் மருந்தும் அதே கதிக்கு ஆளாகும். பயோசிமிலரோ அமினோ அமில வரிசையில் அதே மூலக்கூறு. ஆகவே அதே இடியோடைப். வேறு பெயரும் வேறு பெட்டியும் அந்த எதிர்ப்பொருளைத் தடுக்காது.

டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் வேறொரு மோனோகுளோனல், எடுத்துக்காட்டாக இன்ஃபிளிக்ஸிமாப், இடியோடைப்பில் வேறு என்பதால் தற்போதைய எதிர்ப்பொருள் அதைப் பிடிக்காது. ஆயினும் ஒரு மருந்துக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாக்கியவர் அடுத்த மோனோகுளோனலுக்கும் உருவாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே எட்டனர்செப்டைத் தேர்ந்தோம். அது எதிர்ப்பொருளே அல்ல: டிஎன்எஃப் ஏற்பியின் வெளிப்பகுதியை மனித ஐஜிஜி1-இன் எஃப்சி-யோடு ஒட்டிய மூலக்கூறு. அதற்கு ஐஜிஜி1 வால் உண்டு. வாலில் அல்லோடைப்பும் உண்டு. மாறும் பகுதி இல்லாததால் இடியோடைப் இல்லை. வாரம் ஒருமுறை 50 மில்லிகிராம் தொடங்கப்பட்டது. மெத்தோட்ரெக்சேட்டை மாத்திரைக்குப் பதில் தோலடி ஊசியாக, ஃபோலிக் அமிலத்தோடு, மீண்டும் கொடுத்தோம். டிஎன்எஃப் தடுப்பு எதிர்ப்பொருள்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாவதை மெத்தோட்ரெக்சேட் குறைக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்டது. அதை நிறுத்திய மாதங்களில்தான் இந்த எதிர்ப்பொருள் வளர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம், ஆனால் இடைப்பட்ட சீரம் இல்லாததால் தொடங்கிய மாதத்தைக் காட்ட முடியவில்லை.

பின்விளைவு

ஊசி வடிவில் மெத்தோட்ரெக்சேட்டை அவரால் தாங்க முடிந்தது. நான்காம் மாத வருகையில் டாஸ்28 மதிப்பெண் 3.0-ஆக இருந்தது, காலை விறைப்பு சில நிமிடங்களாகச் சுருங்கியது. ருமட்டாய்டு காரணி முன்போலவே உயர்ந்திருந்தது. அது இந்த நோயாளியின் நோய்க்கு அடையாளம். மருந்து செயலிழந்ததற்குக் காரணம் அல்ல என்ற எங்கள் வாசிப்போடு இது பொருந்துகிறது.

தேர்வு வினாக்களில் இதே தர்க்கம்

இந்த நிகழ்வை மாணவர்களுக்கு விளக்கியபோது, அவர்கள் தேர்வில் குழம்பும் இடங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்காததால் வருபவை என்று கண்டோம். அந்தக் கேள்வி: யாருடைய எதிர்ப்பொருள், யாருடைய உடலில் நுழைகிறது?

மனித ஐஜிஜி-யை முயலுக்குச் செலுத்தினால் முயல் உருவாக்குவது முதன்மையாக ஐசோடைப்புக்கு எதிரான எதிர்ப்பொருள். ஏனெனில் மனித மாறாப் பகுதி முழுவதுமே முயலுக்கு அயல். ஆய்வகத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் அளவுகளை அளக்கும் எதிர்ச்சீரம் இப்படித்தான் கிடைக்கிறது. ஒரு மனிதரின் ஐஜிஜி இரத்தமேற்றத்தின் வழியாகவோ, கருவிலிருந்து தாய்க்கோ இன்னொரு மனிதரை அடைந்தால், ஐசோடைப் பொதுவாக இருப்பதால், எதிர்வினை எழுமானால் அது அல்லோடைப்புக்கு எதிரானது. கருவின் வினாவில் தந்தையிடமிருந்து வந்த ஜிஎம் வகை தாயிடம் இல்லை என்ற குறிப்பைத் தேட வேண்டும். ஐசோடைப்பும் அல்லோடைப்பும் பொருந்திய ஒரே இனத்து, ஒரே மரபு எலிகளுக்கிடையே ஒரு மைலோமா புரதத்தைச் செலுத்தினால் எஞ்சும் வேறுபாடு இடியோடைப் ஒன்றே.

இரண்டு நுணுக்கங்களில் மதிப்பெண் இழப்பு அதிகம். ஒரு பி செல் குளோன் ஐஜிஎம்-லிருந்து ஐஜிஜி-க்கு மாறும்போது மாறுவது ஐசோடைப். முனை அதுவே என்பதால் இடியோடைப் மாறுவதில்லை. "வகுப்பு மாற்றத்தால் எதிர்ப்பொருளின் ஆன்டிஜென் தேர்வு மாறும்" என்ற விருப்பத்தேர்வு அதனால் தவறு. அடுத்தது, ஜி1எம்3, ஜி1எம்17 இரண்டையும் பெற்ற ஒருவரின் சீரத்தில் இரு அல்லோடைப்புகளும் காணப்படும். ஆனால் அவருடைய ஒரு தனி பி செல் அல்லீல் விலக்கத்தின் காரணமாக ஒன்றை மட்டுமே உருவாக்கும். சீரத்தைப் பற்றிய வினாவா, செல்லைப் பற்றிய வினாவா என்று பார்க்காமல் விடை எழுதக் கூடாது.

எங்கள் நோயாளியையே வினாவாக்கினால்: அவருடைய இடியோடைப்பு எதிர்ப்பொருளுக்கும் தனக்கென ஓர் ஐசோடைப், அல்லோடைப், இடியோடைப் உண்டு. அடாலிமுமாபுக்கு எதிரானவை பெரும்பாலும் ஐஜிஜி1, ஐஜிஜி4 துணை வகுப்புகளைச் சேர்ந்தவை. ஐஜிஜி4 மூலக்கூறுகள் தம் பாதிகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொள்வதால், ஒரு மூலக்கூறின் இரு கைகளும் வெவ்வேறு ஆன்டிஜென்களைப் பிடிப்பவையாகிவிடுகின்றன. அத்தகையது பாலம் அமைக்க முடியாது. ஆகவே பாலவகை எலைசா அவற்றைக் குறைத்துக் காட்டும். எதைப் பிடிக்கிறது என்பது இடியோடைப்பின் செய்தி, சோதனையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது ஐசோடைப்பின் செய்தி என்ற வேறுபாட்டை இந்த ஒரு வினாவிலேயே சோதிக்கலாம்.

இனி மாற்றப்படுபவை

மருந்து எதிர்ப்பொருள் சோதனைக்கான படிவத்தில் ருமட்டாய்டு காரணியின் அளவையும் கடைசி ஊசியின் நாளையும் எழுதுவது எங்கள் பிரிவில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. காரணி உயர்ந்திருந்தால் இரட்டை ஃபேப் முறையும், அதே ஐசோடைப்பும் அல்லோடைப்பும் கொண்ட எதிர்ப்பொருளோடு போட்டிச் சோதனையும் கேட்கிறோம். உயிரியல் மருந்து தொடங்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் முதல் ஊசிக்கு முன் ஒரு சீர மாதிரி உறைநிலையில் வைக்கப்படுகிறது. முதல் ஆண்டின் நடுவிலும் ஒன்று சேர்த்துவைக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு வருகையிலும் மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி ஊசியிலிருந்து தனியாகக் கேட்கிறோம். குமட்டல் என்று சொன்னால் அன்றே தோலடி ஊசிக்கு மாற்றுகிறோம்.